ஹோமியோபதி பாட்டில்ல 6X, 6, 30, 200, Q: எப்படிப் படிக்கிறது?

பெரம்பூர்ல எங்க பெரியம்மாவுக்கு நேட்ரம் மூர் 6X எழுதிக் கொடுத்திருந்தாங்க, கடையில வாங்கிட்டு வந்த பாட்டில்ல வெறும் "6"னு மட்டும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நானும் நெனச்சேன், ஒண்ணு இல்ல, அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல லேபிளை மொபைல் கேமராவுல ஜூம் பண்ணிப் பாருங்க, பூதக்கண்ணாடியை விட எனக்கு இதுதான் வசதி. மருந்து பேருக்கு அடுத்து இருக்கிற நம்பரையும் எழுத்தையும் அப்படியே பேப்பர்ல எழுதிக்கோங்க.

அடுத்தது எழுத்து. நம்பர் எத்தனை தடவை கரைச்சாங்கன்னு சொல்லும், எழுத்து ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கரைச்சாங்கன்னு சொல்லும். X (சில பாட்டில்ல D) இருந்தா ஒவ்வொரு தடவையும் பத்துல ஒரு பங்கா கரைச்சிருக்காங்க. C இருந்தா நூறுல ஒரு பங்கு. எழுத்தே இல்லாம 6, 30, 200னு இருந்தா நம்மூர்ல அது C தான், நான் மாட்டிக்கிட்டது இங்கதான்.

இப்ப 1 எழுதி அதுக்குப் பின்னாடி பூஜ்யம் போடுங்க. X-க்கு நம்பர் எவ்வளவோ அத்தனை பூஜ்யம், C-க்கு அதுல ரெண்டு மடங்கு. கால்குலேட்டர் வேணாம், பெரிய நம்பர் வந்தா புரியாத மாதிரி காட்டும், பேப்பர்தான் பெஸ்ட்.

6X-ல 6 பூஜ்யம், அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு உப்பு (நேட்ரம் மூர்ங்கிறது நம்ம சாப்பாட்டு உப்புதான்). 6C-ல 12 பூஜ்யம், லட்சம் கோடியில ஒரு பங்கு. பெரியம்மா கையில இருந்தது எழுதிக் கொடுத்ததை விட பத்து லட்சம் மடங்கு நீர்த்தது! திருப்பிக் கொடுத்து 6X மாத்திரையா வாங்கினோம்.

30C-ன்னா 60 பூஜ்யம். சுமார் 58 கிராம் உப்புல இருக்கிற உப்பு அலகுகளை எண்ணினா 6 போட்டு 23 பூஜ்யம் வரும். அதனால 12C-லயே 58 கிராம் மருந்தை எடுத்தாலும் அதுல ஒரு அலகு முழுசா இருக்கும்னு சொல்ல முடியாது. 30, 200 பாட்டில்ல மிச்சம் இருக்கிறது சர்க்கரை உருண்டை இல்லன்னா ஆல்கஹால். நம்பர் ஏற ஏற "பவர்" கூடும்னு ஹோமியோபதியில சொல்வாங்க, ஆனா பொருளோட அளவு குறையுது. இவ்வளவு நீர்த்தது நோயை குணப்படுத்தும்னு நம்பகமான ஆய்வு ஆதாரம் இல்ல, அதனால சுகர், பிரஷர் மாத்திரையை இதுக்காக நிறுத்தாதீங்க.

அப்டேட்: Q பத்தி கேட்டிருந்தீங்க. நம்மூர் பாட்டில்ல Q-ன்னா தாய்த் திரவம், கரைக்காத மூலச்சாறு. இதுல நிஜமாவே செடிச் சத்தும் ஆல்கஹாலும் இருக்கு, அதனால 30 மாதிரி நெனச்சு குழந்தைங்களுக்கு ஊத்தாதீங்க, வேற மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அதே மாதிரி ஆர்சனிக், பாதரசம் பேர்ல 3X மாதிரி சின்ன நம்பர் பார்த்தாலும் உஷாராகுங்க. 3X-ல ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது ஒரு கிராம்ல ஒரு மில்லிகிராம் நிஜமா இருக்கும்.

1M-னா 1000C. 0/1, 0/2னு இருந்தா அது LM அளவு, ஒவ்வொரு படியும் ஐம்பதாயிரத்துல ஒண்ணு.