நனைந்த மணல் ஏன் திடீரெனத் திரவமாகிறது? ஒரு தொட்டியில் செய்து பார்க்கலாம்

1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாத்தா நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கவாகிஷி-சோ பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சில, சுவர்கள் பெரிதாகச் சிதையாமலேயே முழுக் கட்டடமாகச் சாய்ந்தன. ஒன்று ஏறக்குறையப் படுத்தே விட்டது. பிழை கட்டடத்தில் இல்லை, அடியில் இருந்த மணலில்தான். விளக்கப்படங்களைப் பார்த்து எனக்கு இது பிடிபடவில்லை. ஒரு தொட்டியில் செய்து பார்த்த பிறகே புரிந்தது.

தேவையானவை: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி, சலித்த நுண்மணல், அரைக் கிலோ அளவில் இரும்புத் துண்டு, டேபிள் டென்னிஸ் பந்து, ரப்பர் சுத்தியல். கண்ணாடித் தொட்டி வேண்டாம், தட்டும்போது உடையும். பருமணலும் வேண்டாம், அதன் அகன்ற இடைவெளிகளில் நீர் எளிதாகத் தப்பிவிடும்.

படி 1: தண்ணீருக்குள் மணலைத் தூவுங்கள். நான் இரண்டு நாள் சறுக்கிய இடம் இதுதான். முதலில் உலர்ந்த மணலை நிரப்பி, மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன். எவ்வளவு தட்டியும் இரும்பு அசையவில்லை. தட்டுவது போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கித் தட்டினேன். தட்டும் ஒவ்வொரு முறையும் மணலிலிருந்து சிறு குமிழிகள் வெளிவந்ததைக் கவனித்தபோதுதான் காரணம் தெரிந்தது. மணிகளுக்கிடையே காற்று சிக்கியிருந்தது. காற்று அமுங்கக்கூடியது, அது உள்ளே இருக்கும்வரை நீரில் அழுத்தம் எளிதில் ஏறாது.

எனவே தொட்டியில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு, மணலைக் கைப்பிடி கைப்பிடியாக மெதுவாகத் தூவுங்கள். அமுக்கவோ தட்டவோ கூடாது, மணல் தளர்வாக இருக்கவேண்டும். இடையில் பந்தை ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்து, மேலே நான்கைந்து சென்டிமீட்டர் மணல் மூடும்வரை விடாதீர்கள். கடைசியில் நீர்மட்டமும் மணல்மட்டமும் ஒன்றாக இருக்கும்படி மிகுதி நீரை எடுத்துவிடுங்கள்.

படி 2: பந்து புதைந்த இடத்தை விட்டுத் தள்ளி, இரும்பை மணல்மேல் மெதுவாக நிறுத்துங்கள். அது நிற்கும்.

படி 3: தொட்டியின் பக்கத்தில் சுத்தியலால் விடாமல் தட்டுங்கள். இரும்பு சாய்ந்து உள்ளே இறங்கும். சில தட்டல்களில் பந்து மேலே வரும். நிறுத்தியபின் பாருங்கள்: மணல் சற்றுத் தாழ்ந்திருக்கும், அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்.

அந்த நீர்ப்படலத்தில்தான் முழு விளக்கமும் இருக்கிறது. தளர்வான மணலில் மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுமையைத் தாங்குகின்றன. அதிர்வில் அவை வழுக்கி, இன்னும் நெருக்கமாக அடங்கப் பார்க்கின்றன. அதற்கு நடுவில் உள்ள நீர் வெளியேறவேண்டும். ஆனால் குறுகிய இடைவெளிகளில் அதற்கு நேரம் போதாது. நீரும் அமுங்காது. ஆகவே மணிகள் சுமந்த பளு நீரின்மேல் இறங்குகிறது.

நிலத்தில் ஐந்து மீட்டர் ஆழத்தை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் தரையளவில் இருக்கிறது. நனைந்த மணலின் எடையை ஒரு கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன் என்று வைத்தால்:

```
மொத்த அழுத்தம்  = 19 × 5   = 95 kPa
நீரின் அழுத்தம்   = 9.8 × 5  = 49 kPa
மணிகளின் பங்கு   = 95 − 49  = 46 kPa
```

மண்ணின் உராய்வுப் பிடிப்பு அந்த 46ஐ மட்டுமே நம்பியிருக்கிறது. அதிர்வால் நீரின் அழுத்தம் 49லிருந்து 95க்கு ஏறினால் மணிகளின் பங்கு பூஜ்யம். மணிகள் நீரில் மிதக்கின்றன. மணல் ஓடத் தொடங்குகிறது. பின் நீர் மெல்ல வெளியேறியதும் மணிகள் மீண்டும் தொட்டுக்கொண்டு இறுகுகின்றன. வெளியேறும் நீர் மணலையும் அள்ளிக்கொண்டு தரைக்கு வருவதுதான் நிலநடுக்கத்துக்குப் பின் தெரியும் மணல் ஊற்றுகள்.

மறுமுறை தட்டினால் விளைவு குறைவாகவே இருக்கும், ஏனெனில் மணல் இறுகிவிட்டது. கம்பியால் அடிவரை கிளறித் தளர்த்திக்கொள்ளுங்கள். கட்டுமானத்துக்கு முன் நிலத்துக்கு வேண்டுமென்றே அதிர்வு கொடுத்து மணலை இறுக்குவதும் இந்தக் காரணத்துக்காகவே.

பின்சேர்க்கை: இரும்புக்குப் பதிலாகச் செங்கல் வைத்த ஒருவர், அது முழுகாமல் சாய்ந்து நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். அவர் செய்ததில் தவறில்லை. திரவமான மணல் தண்ணீரைப்போல ஏறக்குறைய 1.9 மடங்கு அடர்த்தி கொண்டது. செங்கல்லின் அடர்த்தியும் அதை ஒட்டியே இருக்கிறது. இரும்பு அதைவிட நான்கு மடங்கு அடர்த்தியானது என்பதால் மணல் மறுபடி இறுகும்வரை இறங்கிக்கொண்டே போகிறது. அறைகளும் காற்றுமாக நிற்கும் அடுக்குமாடிக் கட்டடமோ, அதன் மொத்தக் கனஅளவைக் கணக்கிட்டால், செங்கல்லைவிட மிக லேசானது. அதனால்தான் நீகாத்தாவின் குடியிருப்புகள் மணலுக்குள் மறைந்துபோகவில்லை. கொஞ்சம் அமிழ்ந்து, பிடிப்பின்றிச் சாய்ந்தன.