முதலாமாண்டு மாணவர்களை நான்கு ஹவுஸ்களாகப் பிரிப்பதும் அதற்கான அறிவிப்புக் கடிதமும்: செய்முறை

கல்லூரியில் புதிதாக விளையாட்டுச் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் முதல் பெரிய வேலை இதுதான். முதலாமாண்டுப் பட்டியலை அலுவலகத்தில் வாங்கி, நான்கு ஹவுஸ்களுக்கும் பிரித்து, உடற்கல்வி இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, பலகையில் ஒட்ட வேண்டும். கடிதம் எழுத அரை மணி நேரம் போதும். ஆனால் கடிதத்தில் ‘இப்படித்தான் பிரித்தோம்’ என்று ஒரு பத்தி எழுதும்போது, அது யார் கேட்டாலும் நிற்கும்படி இருக்க வேண்டும். அதனால் பிரிக்கும் முறையிலிருந்து தொடங்குவோம்.

பதிவு எண்ணை நான்கால் வகுக்காதீர்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, பதிவு எண்ணை நான்கால் வகுத்து மீதியைப் பார்ப்பது. மீதி 1 என்றால் சேரர், 2 என்றால் சோழர், 3 பாண்டியர், 0 பல்லவர். எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு இடங்களில் உதைக்கும்.

முதலாவது, துறைக்குத் துறை எண்வரிசை 1-லிருந்து தொடங்குவது. ஆறு துறைகளில் மாணவியர் 33, 30, 41, 27, 38, 17 பேர் என்று வைத்துக்கொள்வோம்; மொத்தம் 186. ஒவ்வொரு துறையிலும் முதல் ஆள் சேரரில் தொடங்கினால், நான்கில் அடங்காமல் மிஞ்சும் ஆட்களும் ஒவ்வொரு முறையும் சேரரிலிருந்தே நிரம்புவார்கள். கூட்டிப் பாருங்கள்: சேரர் 50, சோழர் 47, பாண்டியர் 45, பல்லவர் 44. கடைசி ஹவுஸுக்கு ஆறு பேர் குறைவு. துறைகள் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். ஒரு துறை முடிந்த இடத்திலிருந்தே அடுத்த துறைக்கு எண்ணினால் இதே 186 பேர் 47, 47, 46, 46 என்று பிரிவார்கள். இந்தச் செய்முறையின் அடிப்படையே இதுதான்: நான்கு ஹவுஸ்களையும் மாறி மாறிச் சுற்றும் சக்கரம் எங்கும் நின்று முதலிலிருந்து சுற்றக் கூடாது.

இரண்டாவது சிக்கல் செக்ஷன். பல துறைகளில் ஒற்றைப்படை எண்கள் ஏ செக்ஷன், இரட்டைப்படை எண்கள் பி செக்ஷன் என்று பிரித்திருப்பார்கள். ஒற்றைப்படை எண்ணை நான்கால் வகுத்தால் மீதி 1 அல்லது 3 மட்டுமே வரும். ஆக ஏ செக்ஷன் முழுவதும் சேரரும் பாண்டியரும், பி செக்ஷன் முழுவதும் சோழரும் பல்லவரும் என்று ஆகிவிடும். மொத்த எண்ணிக்கை சரியாகவே இருப்பதால் இதை யாரும் முதலில் கவனிப்பதில்லை. ஏ செக்ஷனுக்கு லேப் இருக்கும் மதியம் பயிற்சிக்கு இரண்டு ஹவுஸ்களில் பாதி ஆள் வராதபோதுதான் தெரியவரும்.

ஷீட் தயாரித்தல்

கூகுள் ஷீட்ஸ், எக்செல் எதுவானாலும் சரி. நான்கு ஹவுஸ் கேப்டன்களும் சேர்ந்து பார்க்கலாம் என்பதால் கூகுள் ஷீட்ஸ் நல்லது. ஆனால் திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். முதல் வரியில் தலைப்புகள்:

A பதிவு எண், B பெயர், C பால், D குழு, E சீட்டு, F ஹவுஸ்.

D-இல் சாதாரண மாணவருக்குத் துறைச் சுருக்கத்தைப் போடுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் துறைக்குப் பதிலாக ‘00 கபடி’, ‘00 வாலிபால்’ என்று விளையாட்டைப் போடுங்கள். இவர்களைத் தனியாகக் கவனிக்காவிட்டால் மூன்று கபடி வீரர்களும் ஒரே ஹவுஸில் போய் விழ வாய்ப்புண்டு. அந்த ஆண்டுக் கபடி அன்றே முடிந்துவிடும். இப்படித் தனிக் குழுவாக்கினால் சக்கரம் தானாகவே அவர்களை ஆளுக்கொரு ஹவுஸாகப் பரப்பிவிடும். வீரர்களைத் திறமை வரிசைப்படுத்தி 1-2-3-4, 4-3-2-1 என்று பாம்பு போல் வளைத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. திறமையை அளந்த பட்டியல் கையில் இருந்தால்தான் அதற்குப் பொருள். முதலாமாண்டில் அது இருக்காது.

E2-வில் கீழே உள்ளதைப் போட்டு, கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள்.

```
=RAND()
```

உடனே E நிரலை முழுதாகத் தேர்ந்தெடுத்து, Ctrl+C கொடுத்து, அதே இடத்தில் Ctrl+Shift+V கொடுங்கள். பழைய எக்செலில் Paste Special சென்று Values. இதைச் செய்யாமல் நகராதீர்கள். `RAND` ஒவ்வொரு திருத்தத்திற்கும் புது எண் போடும். நேற்று பார்த்த வரிசை இன்று இருக்காது.

இப்போது முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, முதலில் C, அடுத்து D, அடுத்து E என்று மூன்று அடுக்காக வரிசைப்படுத்துங்கள். கூகுள் ஷீட்ஸில் Data, Sort range, Advanced range sorting options. தலைப்பு வரி இருப்பதாகக் குறியிட மறக்காதீர்கள். ஒரு நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் பதிவு எண் வந்து நிற்கும். அலுவலகப் பட்டியலில் பத்துப் பேரை எடுத்து ஒப்பிட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

பிறகு F2-வில்:

```
=MOD(ROW()-2,4)+1
```

இழுத்துவிட்டால் 1, 2, 3, 4, 1, 2 என்று ஓடும். துறை மாறினாலும் பால் மாறினாலும் சக்கரம் நிற்காது. இதில் ஓர் அழகு இருக்கிறது: தொடர்ச்சியான எந்தத் துண்டை வெட்டி எடுத்தாலும் ஹவுஸ்களுக்கிடையே வித்தியாசம் ஒன்றைத் தாண்டாது. ஆகவே ஒரு துறையின் மாணவியர், எல்லா மாணவியர், மொத்தப் பட்டியல் என எங்கே எண்ணினாலும் சமமாகவே வரும். ஆண், பெண் சேர்த்து ஒரு துறையை எண்ணும்போது மட்டும் இரண்டு வரை வித்தியாசம் வரலாம். போட்டிகள் ஆண், பெண் தனித்தனியாகவே நடப்பதால் அது பாதிக்காது.

பலரும் வழுக்கும் இடம்

பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டுமென்றால் பதிவு எண் வரிசையில் இருக்க வேண்டும். அதனால் A நிரலை வைத்து மறுபடி வரிசைப்படுத்துவீர்கள். அந்த நொடியில் எல்லோருடைய ஹவுஸும் மாறிவிடும். F-இல் இருப்பது எண் அல்ல, ‘நான் எத்தனையாவது வரியில் இருக்கிறேன்’ என்று கேட்கும் சூத்திரம். வரி மாறினால் ஹவுஸ் மாறும். இதன் கொடுமை என்னவென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது, மொத்த எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். வந்திருப்பது கிட்டத்தட்ட பதிவு எண்ணை நான்கால் வகுத்த அதே பழைய பட்டியல்.

எனவே F-ஐயும் மறுவரிசைக்கு முன்பே Ctrl+Shift+V கொண்டு எண்ணாக உறைய வையுங்கள். உறைந்ததா என்று அறிய F-இல் ஏதாவது ஒரு கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே வெறும் 3 என்று இருந்தால் சரி, `=MOD` என்று இருந்தால் இன்னும் உறையவில்லை. பிறகு சரிபார்ப்பு:

```
=COUNTIFS(C:C,"பெண்",F:F,1)
```

1-ஐ 2, 3, 4 என்று மாற்றி நான்கு முறை. பிறகு ஆண்களுக்கு நான்கு முறை. மேலே சொன்ன 186 மாணவியருடன் 150 மாணவர்கள் இருந்தால் வரிசையில் ஆண்கள் முதலில் வருவதால் அவர்கள் 38, 38, 37, 37 என்றும் பெண்கள் 46, 46, 47, 47 என்றும் வர வேண்டும். மொத்தம் ஹவுஸுக்கு 84.

எண்ணுக்குப் பெயர் வைப்பது கடைசியில்

இதுவரை ஷீட்டில் சேரர், சோழர் என்று எதுவும் இல்லை, வெறும் 1 முதல் 4 வரைதான். அது வேண்டுமென்றே செய்தது. உறைந்த பட்டியலை அச்செடுத்து உடற்கல்வி இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, அவர் முன்னிலையில் நான்கு கேப்டன்களும் ஆளுக்கொரு சீட்டு எடுக்கட்டும். யார் எந்த எண்ணை எடுக்கிறாரோ அந்தப் பட்டியல் அவர் ஹவுஸுக்கு. செயலாளரும் ஏதோ ஒரு ஹவுஸ்காரர்தானே. ‘நல்ல ஆளையெல்லாம் உங்க பக்கம் இழுத்துக்கிட்டீங்க’ என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பட்டியல் இணைப்பாகப் போகட்டும். அதில் பதிவு எண், பெயர், துறை, ஹவுஸ் மட்டும். மாணவியரின் கைபேசி எண்ணோடு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை எந்தக் கல்லூரியும் பொறுத்துக்கொள்ளாது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினியில் அடித்ததை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

> அன்புள்ள முதலாமாண்டு மாணவ, மாணவியருக்கு,
>
> நம் கல்லூரியின் ஹவுஸ் போட்டிகளுக்காக நீங்கள் சேரர் (சிவப்பு), சோழர் (நீலம்), பாண்டியர் (பச்சை), பல்லவர் (மஞ்சள்) ஆகிய நான்கு ஹவுஸ்களில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள். பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.
>
> ஒவ்வொரு துறையிலும் மாணவர், மாணவியரைத் தனித்தனியே குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தி, அந்த வரிசையில் ஹவுஸுக்கு ஒருவராகப் பிரித்தோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தோர் விளையாட்டு வாரியாக இதே முறையில் பிரிக்கப்பட்டனர். எந்தப் பட்டியல் எந்த ஹவுஸுக்கு என்பது உடற்கல்வி இயக்குநர் முன்னிலையில் ஹவுஸ் கேப்டன்கள் எடுத்த சீட்டின் மூலம் முடிவானது.
>
> பெயர் விடுபட்டிருந்தாலோ, இரு முறை வந்திருந்தாலோ, துறை தவறாக இருந்தாலோ ......... தேதி மாலை 4 மணிக்குள் உடற்கல்வித் துறை அறையில் எழுதிக் கொடுக்கவும். வேறு காரணங்களுக்காக ஹவுஸ் மாற்றித் தரப்படாது. படிப்பு முடியும் வரை இதே ஹவுஸ் தொடரும்.
>
> ஹவுஸ் வாரியான முதல் கூட்டம் ......... தேதி ......... மணிக்கு மைதானத்தில் நடைபெறும்.
>
> விளையாட்டுச் செயலாளர்
> உடற்கல்வி இயக்குநர்

திருத்தத்துக்கு மூன்று வேலை நாள் போதும். ‘வேறு காரணங்களுக்காக’ என்ற வரியை மென்மையாக்க வேண்டாம். ‘இயன்றவரை மாற்றித் தரப்படாது’ என்று எழுதினால், தோழியோடு சேர வேண்டும் என்ற விண்ணப்பங்கள் மறுநாளே வரிசை கட்டும்.

பின்சேர்க்கை 1: கடிதம் போன பிறகு சேர்பவர்களை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். முழுப் பட்டியலையும் மறுபடி குலுக்காதீர்கள். சக்கரம் நின்ற இடத்திலிருந்து தொடருங்கள். மேலே உள்ள கணக்கில் கடைசி மாணவர் 2-இல் முடிந்தார். அடுத்துச் சேரும் மாணவர் 3-க்கு, அதற்கடுத்தவர் 4-க்கு. கடைசி மாணவி 4-இல் முடிந்தார். அடுத்த மாணவி 1-க்கு. சேர்ந்த தேதி வரிசையில் தனித் தாளில் எழுதி, அதையும் பலகையில் ஒட்டுங்கள். நேரடியாக இரண்டாமாண்டில் சேர்பவர்களுக்கும் இதே போல ஒரு தனிச் சக்கரம்.

பின்சேர்க்கை 2: இடையில் படிப்பை விட்டுப் போனவர்களின் இடத்தை நிரப்பச் சிலர் பிற ஹவுஸிலிருந்து ஆள் மாற்றுகிறார்கள். தேவையில்லை, புதிதாகச் சேர்பவரை மட்டும் சக்கர வரிசையை விட்டு, ஆள் குறைந்த ஹவுஸுக்கு அனுப்பலாம். ஆனால் அதைச் செய்வதாக இருந்தால் கடிதத்தில் முன்கூட்டியே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘பின்னர் சேர்வோர், அன்று எண்ணிக்கை குறைவாக உள்ள ஹவுஸில் சேர்க்கப்படுவர், எண்ணிக்கை சமமாக இருந்தால் வரிசைப்படி.’