சர்வே வேலைக்கு முன்பணம் கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

போன மாதம் அனுப்பானடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். “அக்கா, சர்வே வேலையாம். ஒரு படிவத்துக்கு 250 ரூபாய், ஒரு நாளைக்கு 20 படிவம். ஐடி கார்டுக்கும் பயிற்சிக்கும் 1,500 ரூபாய் கட்டினா நாளைக்கே வேலையாம். கட்டவா?”

நான் பல வருடமாக மதுரையில் வீடு வீடாகப் போய் சர்வே எடுக்கிறேன். அன்று இருவரும் உட்கார்ந்து சரிபார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கணக்குப் போடுங்கள்

வீட்டுப் பேட்டி ஒன்றுக்குச் சாதாரணமாக 25 நிமிடம் ஆகும். 20 பேட்டி என்றால் 500 நிமிடம். பேசுவதற்கு மட்டுமே எட்டு மணி நேரத்துக்கு மேல். ஆனால் கதவைத் திறக்கிற எல்லோரும் நமக்கு ஆகமாட்டார்கள். “25 முதல் 40 வயதுக்குள், வீட்டுக்குச் சமையல் எண்ணெய் வாங்குகிற பெண்கள்” என்று கோட்டா கொடுத்திருப்பார்கள். எந்த இடத்தில் தொடங்க வேண்டும், ஒரு பேட்டி முடிந்தால் எத்தனை வீடு தள்ளிப் போக வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. காலையில் செல்லூரில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் ஆறேழு முடித்தால் எனக்கு அது நல்ல நாள். இருபது என்று எழுதியவர் ஒரு கதவைக்கூடத் தட்டியதில்லை.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

பொருள் தயாரிக்கும் கம்பெனி ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. அங்கிருந்து உள்ளூர் ஏஜென்சி, அப்புறம் சூப்பர்வைசர், கடைசியில் நாம். மேலிருந்து கீழே வரும் பணம் இது. அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் அவர்கள் செலவு. ‘திருப்பித் தரும் டெபாசிட்’ என்று பெயரை மாற்றினாலும் கட்டாதீர்கள்.

போன் போட்டுக் கேளுங்கள்

வேலை தருவதாகச் சொன்னவருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு அவளையே பேசச் சொன்னேன். “பிரீஃபிங் எங்கே, என்றைக்கு?” என்று கேட்டாள். பணம் கட்டினதும் லிங்க் வரும் என்றார். “மாக் பேட்டி உண்டா?” அதெல்லாம் தேவையில்லை என்றார். “பேக் செக் யார் பண்ணுவாங்க?” கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “மேடம், இன்னிக்கு ஆறு மணிக்குள்ள கட்டலைன்னா சீட் போயிடும்” என்றார்.

இந்த மூன்று கேள்வியில் விஷயம் வெளியே வந்துவிடும். உண்மையான வேலையில் கேள்வித்தாளை வரிவரியாக விளக்குவார்கள், அதுதான் பிரீஃபிங். பிறகு நம்மையே ஒருவரிடம் கேட்கவைத்துப் பார்ப்பது மாக். நாம் எடுத்து அனுப்பிய பேட்டிகளில் சிலருக்கு மறுபடி போன் செய்து, நிஜமாகவே போனோமா என்று சரிபார்ப்பது பேக் செக். தவறான பேட்டி வந்தால் அவர்களுக்கு நஷ்டம், அதனால்தான் இவ்வளவு சோதனை. முன்பணம் கேட்பவருக்கு நம் பேட்டியே வேண்டாம் என்பதால் சோதனையும் இல்லை.

பெயரைச் சரிபார்ப்பது

ஜிஎஸ்டி எண் கேட்டு வாங்கி services.gst.gov.in தளத்தில் தேடலாம். எண்ணில் 15 எழுத்து இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சிறிய ஏஜென்சிக்கு ஜிஎஸ்டி இல்லாமலும் இருக்கலாம். மோசடி செய்பவர் வேறு கம்பெனியின் எண்ணை அனுப்பவும் செய்வார். அவள் போனுக்கு வந்த எண்ணும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருந்த அலுவலக எண்ணுக்குப் பேசினோம். மதுரையில் ஆளே எடுக்கவில்லை என்றார்கள்.

ஆதார் நகல், பான், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை உண்மையான ஏஜென்சியும் கேட்கும். ஓடிபி, யுபிஐ பின் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை.

முதலில் பணம் தந்து ஆசை காட்டுபவர்கள்

டெலிகிராமில் வருவது இன்னொரு வகை. ஹோட்டலுக்கு ஸ்டார் போடச் சொல்லி 150 ரூபாய் நிஜமாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும், அடுத்த டாஸ்க்குக்கு நீங்கள் 1,000 கட்ட வேண்டும் என்பார்கள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். போட்டதை மீட்க இன்னும் போடச் சொல்வதுதான் அவர்கள் பிழைப்பு.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் போன ரசீதில் இருக்கும் 12 இலக்க எண்ணும் சாட்டின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளினால் பணம் பல கணக்குக்கு மாறிவிடும்.

உண்மையான வேலையிலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்

முன்பணம் கேட்காத ஏஜென்சியிலும் சம்பளம் இழுபறியாவது உண்டு. எனக்கே ஒரு தடவை பாக்கி வர மூன்று மாதம் ஆனது. பேட்டிக்கு எவ்வளவு, பஸ் செலவு தனியா, எத்தனை நாளில் வரும், ரத்தான பேட்டிக்கு என்ன கணக்கு என்பதைத் தொடங்கும் முன்பே வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள்.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து என் சூப்பர்வைசரிடம் காளவாசலில் பிரீஃபிங் வந்தாள். மாக் பேட்டியில் பதிலை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று மறுபடி செய்யச் சொன்னார்கள். முதல் நாள் நான்கு பேட்டி எடுத்தாள். பேக் செக்கில் நான்கும் தேறின.