சென்னைக்குப் புதிதாக வரும் மலேசியத் தமிழர்களுக்கு: கெட்டிலையும் மைக்ரோவேவையும் எந்த பிளக்கில் போடுவது?

விசா, வெளிநாட்டவருக்கான எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் எப்படியும் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். இ.பி., அதாவது மின்வாரிய விஷயத்தில் ஒன்று மட்டும் செய்யுங்கள்: வீட்டு ஓனரிடம் மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, பழைய பில் எவ்வளவு வந்திருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பில் மாதாமாதம் வராது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான்.

நான் எழுத வந்தது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டைப் பற்றி. ஈப்போவிலிருந்து படிக்க வந்த என் அத்தை மகள் குரோம்பேட்டையில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறாள். காலையில் மைலோ இல்லாமல் அவளுக்கு விடியாது. அதனால் வீட்டுக் கெட்டிலையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள், 2200 வாட். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட்தான் என்பதால் கெட்டில் நன்றாகவே வேலை செய்யும். பிளக் பொருந்தாததற்கு ஒரு அடாப்டர் வாங்கிக்கொண்டாள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

நம் மலேசியாவில் சுவரில் எங்கே பார்த்தாலும் ஒரே சாக்கெட், மூன்று சதுரப் பின், 13 ஆம்ப். 3000 வாட் வரை எதையும் எங்கேயும் செருகலாம், யாரும் யோசிப்பதில்லை. சென்னையில் இரண்டு வகை சாக்கெட் உண்டு. சின்ன ஓட்டை உள்ளது 6 ஆம்ப், அதாவது ஏறக்குறைய 1380 வாட். ஃபோன் சார்ஜர், மேசை விளக்கு, டேபிள் ஃபேன் போன்றவற்றுக்கானது. பெரிய ஓட்டை உள்ளது 16 ஆம்ப், 3600 வாட்டுக்கு மேல் தாங்கும். ஏ.சி., கீஸர், வாஷிங் மெஷின் இருக்கும் இடத்தில்தான் அது பெரும்பாலும் இருக்கும். இங்குள்ளவர்கள் அதை ‘பவர் பிளக்’ என்பார்கள்.

2200 வாட் கெட்டில் 9.6 ஆம்ப் இழுக்கும். அதை அடாப்டர் வழியாக 6 ஆம்ப் சாக்கெட்டில் போட்டால், தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கரண்ட் அந்தச் சின்னத் தகடுகள் வழியே ஓடுகிறது. நம் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது 13 ஆம்ப் ஃபியூஸ். சுவரில் இருக்கும் 6 ஆம்ப் சாக்கெட் எரிந்தாலும் அந்த ஃபியூஸுக்குத் தெரியாது.

அப்புறம் மைக்ரோவேவ் வாங்கினாள். முகப்பில் 800 வாட் என்று போட்டிருந்தது. அது சாப்பாட்டுக்குள் போகும் சக்தி மட்டுமே. சுவரிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பது பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். அவளுடையதில் 1250 வாட், 5.4 ஆம்ப். கெட்டிலையும் சேர்த்தால் 15 ஆம்ப். அந்த அறையின் எல்லா சாக்கெட்டுக்கும் சேர்த்து, கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஒரே ஒரு 10 ஆம்ப் எம்.சி.பி. இருந்தது.

அதுவும் தினமும் ட்ரிப் ஆகவில்லை. இதுதான் எல்லோரையும் குழப்பும் இடம். எம்.சி.பி.க்குள் சூடானால் வளையும் ஒரு தகடு இருக்கிறது. ஒன்றரை மடங்கு கரண்ட் ஓடினால் உடனே விழாது, தகடு சூடேறச் சில நிமிடம் பிடிக்கும். கெட்டிலோ நாலைந்து நிமிடத்தில் கொதித்துத் தானாக அணைந்துவிடும். முழுக்கெட்டில் வைத்த நாளில் விழுந்தது, ஒரு குவளை வைத்த நாளில் விழவில்லை.

ஓனர் அனுப்பிய எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, “அடிக்கடி விழுறது தொந்தரவா இருக்குல்லம்மா? இருபது ஆம்ப் போட்டுடறேன், இனிமே விழாது” என்றார். போட்டார், விழவும் இல்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான். விழுந்துகொண்டிருந்த எம்.சி.பி. தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, 15 ஆம்ப் ஓடினாலும் அசையாத ஒன்றை வைத்துவிட்டார்கள். சுவருக்குள் இருந்த மெல்லிய ஒயரும் சின்ன சாக்கெட்டும் அப்படியேதான் இருந்தன.

சில வாரம் கழித்து அறையில் மீன் வாடை. பிளாஸ்டிக் சாக்கெட் சூடேறினால் அப்படித்தான் நாறும். அவள் பக்கத்து வீட்டுச் சமையல் என்று நினைத்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது சாக்கெட்டின் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பாக இருந்தது. மெயினை அணைத்துவிட்டு அடாப்டரை இழுத்தால் வரவில்லை. ஒரு பின் சாக்கெட்டோடு உருகி ஒட்டியிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சுவரில் தீப்பிடித்திருக்கலாம்.

அதனால் வந்த முதல் நாளே எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்து, எந்தெந்தப் பாயிண்ட் நிற்கிறது என்று சரிபாருங்கள். C6, C10, C16 என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். கெட்டிலும் மைக்ரோவேவும் பெரிய ஓட்டை சாக்கெட்டில்தான் போக வேண்டும். சமையலறையில் அது இல்லையென்றால் ஓனரிடம் தனி ஒயர் இழுத்துத் தரச் சொல்லுங்கள். சாக்கெட்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. சின்னப் பின் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டில் இரண்டையும் ஒருபோதும் செருகாதீர்கள். வீட்டுக் கெட்டிலை ஊரிலேயே விட்டுவிட்டு இங்கே ஒரு 1500 வாட் கெட்டில் வாங்குங்கள், தண்ணீர் கொதிக்க இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

எது விழுகிறது, எப்போது விழுகிறது என்றும் கவனியுங்கள். சில நிமிடம் ஓடி விழுந்தால் லோடு அதிகம். சுவிட்ச் போட்டவுடனே விழுந்தால் உள்ளே ஷார்ட் இருக்கலாம். ‘டெஸ்ட்’ பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. கெட்டிலின் அடித்தட்டில் தண்ணீர் சிந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செலவைப் பற்றி ஊரில் இருப்பவர்கள் பயமுறுத்துவார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 0.1 யூனிட் போதும். தினம் மூன்று லிட்டர் என்றால் மாதம் 9 யூனிட். மைக்ரோவேவ் தினம் கால் மணி நேரம் ஓடினால் இன்னொரு 9 யூனிட். அதன் கடிகாரம் எரிவதையும் சேர்த்து மொத்தம் 20 யூனிட் என்று வையுங்கள். ஏ.சி.யை இரண்டு, மூன்று இரவு போட்டாலே அவ்வளவு ஆகிவிடும்.

2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 201 முதல் 400 வரை யூனிட்டுக்கு ரூ.4.70. அந்த அளவில் இருக்கும் வீட்டுக்கு இந்த 20 யூனிட் மாதம் 94 ரூபாய்தான். ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் மாறி, பில் ஒரேயடியாக 235 ரூபாய் போல ஏறும். கோடையில் ஏ.சி. ஓடி 480 யூனிட்டில் நிற்கும் வீட்டில், கெட்டிலும் மைக்ரோவேவும் சேர்க்கும் 40 யூனிட் அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும்.

பி.ஜி. எனும் பேயிங் கெஸ்ட் விடுதியில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே தனி மீட்டர் வைத்து ஓனர் சொல்லும் விலைதான், இலவச யூனிட்டும் உங்களுக்கு வராது. என் அத்தை மகள் முதலில் தங்கிய இடத்தில் யூனிட்டுக்கு 12 ரூபாய், இதே உபயோகத்துக்கு மாதம் 240. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே யூனிட் விலையைக் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அறையில் பெரிய ஓட்டை சாக்கெட் இருக்கிறதா என்பதையும் அதே நாளில் கண்ணால் பார்த்துவிடுங்கள்.