சேஸ் எடுத்து பாடி கட்டும்போது கையைக் கடிக்கும் தவறுகள்

ஷோரூமில் லாரி சேஸ் விலையைப் பேசி முடித்துவிட்டு, பாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் முதல் தவறு. எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பது பாடியின் எடையில் இருக்கிறது.

மொத்த எடை 7,490 கிலோ அனுமதிக்கப்பட்ட வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேபினோடு சேஸ் 2,500 கிலோ, பாடி 1,000 கிலோ என்றால் 3,990 கிலோ ஏற்றலாம். “கெட்டியா இருக்கட்டும்” என்று தடித்த தகடும் கூடுதல் குறுக்குச் சட்டமும் போட்டு பாடியை 1,400 கிலோ ஆக்கினால், ஒவ்வொரு நடையிலும் 50 கிலோ மூட்டை எட்டைக் கீழே இறக்க வேண்டும். இறக்காமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. அதனால் பாடியின் எடையைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பட்டறைக்கு விடும் முன் ஒருமுறை, வண்டியை எடுக்கும்போது ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

அடுத்தது நீளம். பின் அச்சின் மையத்திலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீல்பேஸ் 3,400 மில்லிமீட்டர் என்றால் எல்லை 2,040. கூட ஒரு அடி கேட்டால் பட்டறைக்காரர் மறுக்கமாட்டார். பிரேக் இன்ஸ்பெக்டர் டேப் பிடிக்கும்போதுதான் சிக்கல். அது எஃப்.சி.யோடு நிற்காது. பின்பக்கம் கனத்தால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும்.

பட்டறையில் ஒரு நாளாவது நின்று பாருங்கள். சேஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடக் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பாடியை யூ போல்ட்டிலும், கம்பெனி கொடுத்த துளைகளிலும்தான் பிடிக்க வேண்டும். பாடியில் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரி கேபிளைக் கழற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.எம். பெட்டியின் கனெக்டரை உருவிவிட வேண்டும். பி.எஸ்.6 வண்டியில் இதை மறந்தால் எரிந்துபோவது ஈ.சி.எம்.தான்.

செலவுக் கணக்கில் பலர் விட்டுவிடுவது மாதத் தவணை. வண்டி பட்டறையில் நிற்கும்போதே சேஸ் கடனுக்குத் தவணை ஓடத் தொடங்கிவிடும். பாடிக்கும் கடன் உண்டா என்று சேஸ் கடன் போடும்போதே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சேஸுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய கொட்டேஷனை வைத்துப் பேசாதீர்கள்.

சேஸ் எடுத்த அன்று போட்ட இன்சூரன்ஸில் பாடியின் விலை பெரும்பாலும் இருக்காது. பாடி பில்லைக் கொடுத்து அந்தத் தொகையைச் சேர்க்காவிட்டால், விபத்தில் நசுங்கிய பாடிக்கு இழப்பீடு வராது.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போதே, ஏ.ஐ.எஸ். 093 விதிப்படி அந்த பாடிக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா என்று நகலைக் கேளுங்கள். வண்டியைப் பதிவு செய்யக் கேட்கும் படிவம் 22ஏ-வின் முதல் பகுதியைச் சேஸ் கம்பெனி தரும். இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து கைக்கு வரும்வரை கடைசித் தவணைப் பணத்தைப் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள்.