ஊட்டியைச் சுற்றிப் பார்க்கும்போது: கிலோமீட்டர் பட்டியலை நம்பி வழி வகுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஊட்டிக்கு வருகிற குடும்பங்களுக்கு வண்டியும் வழித்திட்டமும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு கோடையிலும் பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். தாள்கள் மாறுகின்றனவே தவிர, அவற்றில் உள்ள தவறுகள் மாறுவதில்லை. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். எந்த இடத்தை எந்த இடத்தோடு சேர்ப்பது என்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தூரத்தைப் பார்த்து இடங்களைச் சேர்ப்பது

வருகிறவர்களின் தாளில் பெரும்பாலும் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் இடத்தின் பெயர், மற்றொன்றில் ஊட்டியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா சிகரம் ஆகியவை பக்கத்தில் இருப்பவை என்று முதல் நாளுக்கும், குன்னூர் 19, பைக்காரா 20 என்று தூரத்தில் இருப்பவை இரண்டாம் நாளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு மிக நேர்த்தியான ஏற்பாடு. இதைவிட மோசமாக இந்த ஊரில் இரண்டு நாட்களைச் செலவழிக்க முடியாது.

ஊட்டியின் சாலைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வெவ்வேறு திசைகளில் பிரிந்து செல்கின்றன. சேரிங்கிராஸ் சந்திப்பின் பக்கத்திலிருந்து ஒரு சாலை தொட்டபெட்டா வழியாகக் கோத்தகிரிக்கும், மற்றொன்று கேத்தி வழியாகக் குன்னூருக்கும் போகிறது. ஊரின் மறுபக்கத்தில் ஃபிங்கர்போஸ்ட் தாண்டிப் புறப்படும் சாலை தலைகுந்தா, பைக்காரா வழியாகக் கூடலூருக்குப் போகிறது. ஆகவே குன்னூருக்கு 19, பைக்காராவுக்கு 20 என்ற இரண்டு எண்களும் அருகருகே நின்றாலும், அந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. நடுவில் ஊர் முழுவதும் குறுக்கே நிற்கிறது. ஊரிலிருந்து எத்தனை தூரம் என்ற கணக்கு, ஊரிலிருந்து அந்த ஓர் இடத்துக்கு மட்டும் போய்த் திரும்புகிறவருக்குப் பயன்படும். இரண்டு இடங்களைச் சேர்க்க நினைப்பவருக்குத் தேவைப்படுவது திசை.

சென்ற சில ஆண்டுகளுக்குள் ஒரு மே மாதத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் இதே தாளை என்னிடம் நீட்டினார். "ஐயா, குன்னூரும் பைக்காராவும் எதிரெதிர்ப் பக்கம். ஒரே நாளில் வேண்டாம்" என்றேன். "ரெண்டும் இருபது கிலோமீட்டர்னுதானே போட்டிருக்கு தம்பி, ஒரே தூரம்தானே?" என்றார். வற்புறுத்துவது முறையல்ல என்று ஓட்டுநரை அனுப்பிவைத்தேன். காலையில் குன்னூர் போய், அங்கிருந்து இன்னும் 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள டால்பின் நோஸ் காட்சிமுனையையும் பார்த்துவிட்டு, இரண்டு மணிக்குமேல் ஊட்டியை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். மலர்க் கண்காட்சி நடக்கிற நாட்களில், மதியத்துக்குமேல் சேரிங்கிராஸிலிருந்து ஃபிங்கர்போஸ்ட் வரையுள்ள சில கிலோமீட்டரைக் கடப்பதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். அவர்கள் பைக்காராவை அடைந்தபோது படகுச் சீட்டு கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். குழந்தைகள் அந்தப் பயணத்தில் கேட்டிருந்ததே படகு ஒன்றுதான். முதல் நாள் எப்படிப் போனது என்று கேட்டேன். காலையில் தாவரவியல் பூங்கா, பிறகு ஊரின் மேற்கே உள்ள படகு இல்லம், பிறகு மறுபடியும் கிழக்கே திரும்பித் தொட்டபெட்டா. தொட்டபெட்டாவில் அவர்களுக்குக் கிடைத்தது வெள்ளை மூட்டம் மட்டுமே.

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இது ஒன்றுதான்: அவர்கள் அந்த முதல் நாளுக்கு முந்தின நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகத்தான் மேலே ஏறி வந்திருந்தார்கள். குன்னூரில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு, "நாளை மறுநாள் இங்கேதானே வரப்போகிறோம்" என்று வண்டியில் ஏறியிருக்கிறார்கள்.

அவர்களுடைய அதே இடங்களைத் திசை பார்த்துப் பிரித்தால் எப்படி அமையும் என்று இங்கே எழுதிக் காட்டுகிறேன். வருகிற நாளிலேயே குன்னூரில் இறங்கி டால்பின் நோஸையும் சிம்ஸ் பூங்காவையும் முடித்துவிட வேண்டும்; ஊட்டியிலிருந்து குன்னூருக்குப் போய்த் திரும்பும் 38 கிலோமீட்டர் அப்படியே மிச்சம். அடுத்த நாள் கிழக்குப் பக்கம்: காலையில் முதல் வேலையாகத் தொட்டபெட்டா, இறங்கும் வழியில் தேயிலை அருங்காட்சியகம், பிறகு சேரிங்கிராஸுக்கு வந்து தாவரவியல் பூங்கா, அதன்பின் விஜயநகரத்தில் உள்ள ரோஜா பூங்கா. தாவரவியல் பூங்கா 22 ஹெக்டேர் பரப்பில் சரிவின்மேல் அமைந்தது. பெரியவர்கள் உடன் வந்தால் அதற்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மூன்றாம் நாள் மேற்குப் பக்கம்: காலையில் நேராகப் பைக்காரா, திரும்பும்போது ஒன்பதாவது மைல், ஆறாவது மைல் என்ற இடங்கள், பைன் காடு, மாலையில் ஊருக்குள் நுழையும் பக்கத்திலேயே உள்ள படகு இல்லம். இந்த ஏற்பாட்டில் சுற்றிப் பார்க்கும் நேரத்தின் நடுவே ஊரைக் குறுக்காகக் கடக்க வேண்டிய தேவை ஒரு முறைகூட இல்லை. விடுதி சேரிங்கிராஸ் பக்கம் இருந்தால், மேற்கு நாளின் காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னும் இரவில் திரும்பும்போதும் மட்டும் கடக்க நேரும்.

தாளில் உள்ள திட்டம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. அன்றைய இடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே, இடையில் எத்தனை முறை ஊரைக் குறுக்காகக் கடக்கிறோம் என்று எண்ண வேண்டும். ஒரு முறை வந்தாலும் வரிசையை மாற்ற வேண்டும், அல்லது ஓர் இடத்தை வேறு நாளுக்குத் தள்ள வேண்டும்.

அவலாஞ்சியை மேற்கே இருக்கிறது என்பதற்காகப் பைக்காராவோடு சேர்க்க வேண்டாம். அது வேறு சாலை. அதற்கு ஒரு நாள் தனியாகத் தேவை.

முட்டுச்சாலையில் போகும்போதே நின்று நின்று போவது

சில இடங்களுக்குப் போன வழியே திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை. குன்னூரில் சிம்ஸ் பூங்கா, லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் மூன்றும் ஒரே திசையில் அடுத்தடுத்து வருபவை. டால்பின் நோஸோடு அந்தப் பயணம் முடிந்துவிடுகிறது. பெரும்பாலானோர் முதலில் வரும் பூங்காவில் இறங்கி, அடுத்து லேம்ஸ் ராக் என்று வரிசைப்படி போய், கடைசியில் பிற்பகலில் டால்பின் நோஸை அடைகிறார்கள். காலையில் வெயில் ஏற ஏறச் சமவெளியின் சூடான காற்று மலைச்சரிவை ஒட்டி மேலே வந்து, உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. அதனால் விளிம்பில் நிற்கும் காட்சிமுனைகள் பெரும்பாலும் மதியத்துக்குமேல் மூடிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் டால்பின் நோஸில் நின்றால் எதிரே உள்ள கேத்தரின் அருவி இருக்கும் இடம்கூடத் தெரியாது.

முட்டுச்சாலையில் எங்கும் நிற்காமல் கடைசி வரை போய்விட்டு, மற்ற இடங்களைத் திரும்பும்போது பார்க்க வேண்டும். சிம்ஸ் பூங்காவை மேகம் ஒன்றும் செய்துவிடாது. 1874 முதல் இருக்கும் அந்த மரங்கள் மூட்டத்தில் இன்னும் அழகாகவே இருக்கும். பைக்காரா சாலையிலும், கடைசி வரை போய்விட்டுத் திரும்பும்போது நிற்பது என்ற இதே முறையைத்தான் நான் கடைப்பிடிக்கிறேன். ஆனால் அங்கே காரணம் மேகம் அல்ல, படகுத்துறையின் வரிசை. காலையில் அது குறைவு.

வந்த வழியே திரும்பக்கூடாது என்ற பிடிவாதம்

இது ஓரளவு விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு. ஊட்டியில் தங்கியிருப்பவர்கள் வரைபடத்தில் தொட்டபெட்டா, கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று ஒரு வளையம் அமைவதைப் பார்த்துவிட்டு, ஒரே சாலையில் இரண்டு முறை போகாமல் தப்பித்தோம் என்று மகிழ்கிறார்கள். கணக்குப் போட்டால், ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 29, அங்கிருந்து குன்னூருக்கு 20, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 19. தொட்டபெட்டா உச்சிக்குப் பிரதான சாலையிலிருந்து ஏறி இறங்க இன்னும் ஆறு. மொத்தம் 74 கிலோமீட்டர். தொட்டபெட்டாவுக்குப் போய்த் திரும்ப 18, குன்னூருக்குப் போய்த் திரும்ப 38 என்று வந்த வழியே திரும்பினால் 56 தான். ஒரே சாலையில் திரும்புவது எப்போதும் வீண் அல்ல. கோத்தகிரியில் பார்க்க ஏதாவது வைத்திருக்கிறவர்களுக்கே அந்த வளையம் பொருந்தும். அப்போதும் தொட்டபெட்டாவில் தொடங்கிக் குன்னூரில் முடிக்க வேண்டும். திருப்பிப் போட்டால் தொட்டபெட்டா மாலைக்குத் தள்ளப்பட்டுவிடும்.

வருகிற நாளையும் திரும்புகிற நாளையும் கணக்கில் விடுவது

கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைப் பர்லியாறு, குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் அனுப்பும் ஒருவழி ஏற்பாட்டைக் காவல்துறை வழக்கமாக நடைமுறைப்படுத்துகிறது. இதைத் தொல்லையாக நினைப்பவர்களே அதிகம். உண்மையில் அது பாதித் திட்டத்தை நமக்காகப் போட்டுக் கொடுத்துவிடுகிறது: குன்னூர் வருகிற நாளுக்கு, கோத்தகிரி திரும்புகிற நாளுக்கு. முதல் நாள்களில் தொட்டபெட்டா மூட்டமாக இருந்திருந்தால், இறங்குகிற நாளின் காலையில் அதே சாலையில் இன்னொரு வாய்ப்பும் கிடைக்கிறது. மைசூரு பக்கம் போகிறவர்கள் கூடலூர் சாலையில் இறங்குவதால், பைக்காராவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டு, பெட்டிகளை வண்டியிலேயே ஏற்றிவிட வேண்டும். படகில் ஏறியிருக்கும் நேரத்தில் பெட்டிகளுக்கு ஓட்டுநர் காவல் இருப்பார்.

மதிய உணவுக்கு அறைக்குத் திரும்புவது

பைக்காராவிலிருந்தும் திரும்புகிறார்கள். வேண்டாம்.

மலை ரயிலில் இரண்டு வழியும் போவது

ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே ரயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுகிறது. ஒரு வழிக்கு மட்டும் சீட்டு எடுத்தால் போதும். வண்டியைக் குன்னூர் நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால், இறங்கிய உடனே டால்பின் நோஸுக்குக் கிளம்பலாம். இரண்டு வழிக்கும் எடுத்தவர்கள் திரும்பும் ரயிலின் நேரத்துக்குக் கட்டுப்பட்டு, குன்னூரில் நிலையத்தைச் சுற்றியே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.