இரட்டைப் பக்க ஸ்கேன்களைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கூனில் பழைய கோயில் மலர்களையும் சங்க அறிக்கைகளையும் ஸ்கேன் செய்து எழுத்துணரியில் ஏற்றும் வேலையில் இளைஞர்கள் சிலர் இப்போது ஆர்வமாக இறங்கியிருக்கிறார்கள். படம் மங்கலாக இருக்கக் கூடாது, அங்குலத்திற்கு 300 புள்ளிகளுக்குக் குறையக் கூடாது என்பன போன்றவற்றை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கங்களும் ஒரே படமாக வந்தபின் அதை இரண்டாகப் பிரிக்கும் இடத்தில்தான், எங்களைப் போன்ற பழைய ஆட்கள் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்கிறார்கள். பிரிக்காமலே எழுத்துணரிக்குக் கொடுத்தால், நடு இடைவெளி குறுகலாக உள்ள புத்தகங்களில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிரித்தே ஆக வேண்டும்.

கோப்புப் பெயரில் முன்சுழியம் இடாமை

பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் நிரல்களில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். 002, 010 என்றே பெயரிடுங்கள்.

நிமிர்த்துவதற்கு முன் வெட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சிறிய அளவுப் புத்தகம் ஒன்றை விரித்தால், ஏ4 ஸ்கேனரின் கண்ணாடியில் அது பக்கவாட்டில்தான் அடங்கும். அப்போது படத்தில் இரண்டு பக்கங்களும் மேலும் கீழுமாக, எழுத்துகள் படுத்த நிலையில் வரும். ஸ்கேன் செய்பவர் புத்தகத்தின் கனமான பகுதி கண்ணாடிக்கு வெளியே தொங்குவதற்கு வசதியாக ஒரு திசையில் வைத்துத் தொடங்குவார். பாதிப் புத்தகம் கடந்ததும் கனம் மறுபக்கத்துக்கு மாறிவிடும். கைக்கு வசதியாக அவரும் புத்தகத்தை எதிர்த்திசைக்குத் திருப்பி வைத்துத் தொடர்வார். ஸ்கேன் செய்தவரை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்திலிருந்து, இதுவரை மேலே வந்துகொண்டிருந்த இடப்பக்கம் கீழே வரத் தொடங்குகிறது.

இதைக் கவனிக்காமல் எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையில் மேல்பாதி, கீழ்பாதி என்று வெட்டிவிட்டு, அதன்பின் ஒவ்வொரு பாதியையும் நிமிர்த்தினால், முதல் பாதிப் புத்தகம் சரியாகவும் மீதிப் புத்தகம் முழுவதும் இரண்டிரண்டாக இடம் மாறியும் வந்து சேரும். அண்மையில் நான் பார்த்த ஒரு குடமுழுக்கு மலரில் 46, 47 வரை ஒழுங்காக வந்து, அதற்கடுத்து 49, 48, 51, 50 என்று கடைசி வரை போயிருந்தது. பிரித்த தம்பியிடம் கேட்டபோது, "ஒவ்வொரு பக்கமும் நேராகத்தானே இருக்கு, அண்ணே?" என்றார். அவர் சொன்னது உண்மைதான். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பக்கத்திலும் பிழை இல்லை, எழுத்துணரியும் ஒவ்வொன்றையும் நன்றாகவே படித்திருந்தது.

கட்டுரையாக இருந்திருந்தால் பக்க முடிவில் வாக்கியம் அறுந்து காட்டிக்கொடுத்திருக்கும். அங்கே இருந்ததோ நன்கொடையாளர் பட்டியல். 47-ஆம் பக்கத்தில் ரங்கூன்காரர்கள்; அவர்களில் மிச்சம் 48-இன் தொடக்கத்தில்; அதன் நடுவில் "பெகு" என்ற தலைப்பு; 49 முழுவதும் பெகுவின் பெயர்கள், அதன் கடைசி வரியில் "மோல்மேன்" என்ற தலைப்பு. பக்கங்கள் மாறியதும் பெகுக்காரர்கள் ரங்கூன் தலைப்பின் கீழ் போய்ச் சேர்ந்தார்கள். ரங்கூனில் மிச்சமிருந்தவர்கள் மோல்மேன்காரர்கள் ஆனார்கள். பட்டியலில் அறுந்துபோக வாக்கியமே இல்லாததால் மெய்ப்புப் பார்த்தவருக்கும் ஐயம் எழவில்லை. தன் பாட்டனார் பெகுவில் கடை வைத்திருந்தார் என்று மட்டும் அறிந்து தேடி வரும் ஒருவருக்கு அந்தப் பட்டியல் தவறான ஊரைத்தான் காட்டும்.

இதைவிடக் கொடுமை, உரைநடைப் பகுதிகளில் அறுந்த வாக்கியங்களை மெய்ப்புத் திருத்துபவர் தாமே ஒரு வினைமுற்றைச் சேர்த்து ஒப்பேற்றிவிடுவது. அதற்குப்பின் பக்கங்களை முறைப்படி மாற்றி அடுக்கினாலும் அந்தக் கைச்சரக்கு உள்ளேயே தங்கிவிடும்.

முதலில் நிமிர்த்த வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். ஸ்கேன் டெய்லர் நிரலில் திசை திருத்துவது முதல் கட்டமாகவும் பக்கம் பிரிப்பது இரண்டாம் கட்டமாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. முதல் கட்டத்தைத் தாண்டி ஓடாமல், திசை மாறும் படம் எது என்று கண்டு அதிலிருந்து கடைசி வரை எதிர்த்திசைச் சுழற்சியைக் கொடுத்தால் போதும். கட்டளை வரியில் செய்பவர்கள் இரு திசைப் படங்களையும் இப்படித் தனித்தனியே நிமிர்த்தலாம்:

```
magick 023.tif -rotate 270 023_n.tif
magick 024.tif -rotate 90 024_n.tif
```

பிரித்த பின் சரிபார்க்க, பக்க எண் அச்சிடாத புத்தகத்துக்கும் பொருந்தும் ஓர் அடையாளம் உண்டு. புத்தகத்தின் நடு மடிப்பு கண்ணாடியில் படியாததால் அங்கே ஒரு கருநிழல் விழும். இடப்பக்கத்தில் அது வல ஓரத்திலும், வலப்பக்கத்தில் இட ஓரத்திலும் இருக்கும். சிறு படங்களை இரண்டிரண்டாக அடுக்கிப் பார்த்தால் ஒவ்வோர் இணையிலும் நிழல்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். அவை வெளிப்பக்கம் நோக்கி நின்றால் அந்த இணை மாறிப்போயிருக்கிறது. ஒரு முழுப் புத்தகத்தையும் இவ்வாறு ஓட்டிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

ஏற்கெனவே மாறிவிட்டது என்றால், 024_1, 024_2 என்று மூலப் படத்தின் எண்ணைப் பெயரில் வைத்திருந்தவர்கள் மாறிய படங்களுக்கு மட்டும் 1-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். பிரித்தவுடனே தொடர் எண்ணாக மாற்றிவிட்டவர்களுக்கு அந்த வழி இல்லை. இடையில் ஓர் ஒற்றைப் பக்கப் படம் வந்திருந்தால் இணைகள் ஓர் எண் தள்ளிப்போயிருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் அச்சு எண்ணோடு ஒப்பிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு நட்ட நடுவில் வெட்டுவது

படத்தின் நடுவும் புத்தகத்தின் நடுவும் ஒன்றாக இருப்பது அரிது. மறுபைண்டிங் செய்யும்போது ஓரத்தில் தையல் போட்ட பழைய புத்தகங்களில் உள்விளிம்பு மிகவும் குறுகியிருக்கும். வெட்டு சற்று வலப்பக்கம் விலகினாலும் வலப்பக்க வரிகளின் முதல் எழுத்து போய்விடும். தமிழில் இது தனியாகக் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் வரியின் தொடக்கத்தில் இழக்கப்படுவது பெரும்பாலும் ஒரு கொம்புதான். "கோயில்" கொம்பை இழந்தால் "காயில்" என்றும், "பெண்" இழந்தால் "பண்" என்றும் நிற்கும். மிஞ்சிய எழுத்து முழு எழுத்தாகவே தெரிவதால் எழுத்துணரி தயங்காமல் அதை எழுதிவிடும். பாதியாக வெட்டாமல், நடுக்கோட்டைச் சற்றுத் தாண்டி இரு புறமும் கொஞ்சம் கூடுதலாக எடுப்பது பாதுகாப்பானது:

```
magick 024_n.tif -gravity West -crop 52%x100%+0+0 +repage 024_1.tif
magick 024_n.tif -gravity East -crop 52%x100%+0+0 +repage 024_2.tif
```

விரித்தால் 24 செ.மீ. அகலமுள்ள புத்தகத்தில் இது நடுவைத் தாண்டி ஏறத்தாழ அரை செ.மீ. தரும். அதற்கு மேல் போனால் எதிர்ப்பக்க எழுத்துகள் எட்டிப் பார்க்கும். நடுக்கோடு படத்துக்குப் படம் அதைவிட அதிகமாக அலையும் புத்தகத்துக்கு, ஸ்கேன் டெய்லரில் கோட்டைக் கையால் நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அட்டையையும் இரு பக்கப் புகைப்படத்தையும் வெட்டுவது

இவற்றைப் பிரிப்பதற்கு முன்பே தனிக் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள்.

பைண்டர் மாற்றித் தைத்த பக்கங்களைப் பிரிக்கும்போதே சரிசெய்வது

புத்தகத்திலேயே 32-க்குப் பிறகு 49 வந்தால் அப்படியே விடுங்கள். எழுத்துணரி வேலை முடிந்தபின் உரையில் மாற்றிக்கொள்ளலாம். படங்கள் புத்தகம் இருக்கும் வரிசையிலேயே இருந்தால்தான், பின்னாளில் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பவருக்கு எது பைண்டர் செய்தது, எது நாம் செய்தது என்று தெரியும்.